"தீர்வு" என்று எழுதலாமா? சப்போர்ட் பதிலில் எந்தச் சொல்லை எங்கே வைப்பது

வாடிக்கையாளருக்குப் போகும் சப்போர்ட் பதில்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். "தங்கள் பிரச்சினைக்கான தீர்வு கீழே" என்று ஒரு வரி, அதன் கீழே நான்கைந்து படிகள், கடைசியில் நன்றி. படிகள் சரியாகவே இருக்கும். வாடிக்கையாளரும் செய்து பார்த்துவிட்டு "ஓகே சார், வேலை செய்யுது" என்று பதில் போடுவார். கொஞ்ச நாள் கழித்து அதே டிக்கெட் மறுபடி திறக்கும். "தீர்வு என்று சொன்னீர்களே, இது என்ன?" என்று கேட்பார். படிகளில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அவற்றின் தலைப்பில் வைத்த சொல்தான் நாம் தராத ஒன்றைத் தந்துவிட்டதாகச் சொல்லியிருக்கும்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு சொல்யூஷன், ஃபிக்ஸ், ரெமெடி, வொர்க்அரவுண்ட், பேட்ச் என்று ஒரு வரிசை கைவசம் இருக்கிறது. தமிழில் எழுதும்போது தீர்வு, சரிசெய்தல், திருத்தம், பரிகாரம், நிவாரணம், மாற்று வழி, தற்காலிக ஏற்பாடு என்று அதைவிட நீளமான வரிசை. ஆனால் டிக்கெட்டுகள் குவிந்து கிடக்கும் நேரத்தில் எல்லாவற்றுக்கும் "தீர்வு" என்றே எழுதிவிடுகிறோம். கேட்க மரியாதையாக இருக்கிறது, யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள் என்ற நினைப்பும் இருக்கிறது. இந்தச் சொற்களில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய நான் பார்ப்பது ஒன்றுதான். நாம் சொன்னதை வாடிக்கையாளர் செய்து முடித்த பிறகு அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது? கோளாறின் காரணம் அங்கேயே இருக்கிறதா? அவர் தினமும் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டுமா? அல்லது அதை மறந்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கலாமா?

ஒரே பிரிண்டர், மூன்று பதில்கள்

ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு கணினிகள், ஒரு வைஃபை ரவுட்டர், நெட்வொர்க்கில் இணைத்த லேசர் பிரிண்டர் ஒன்று. திங்கட்கிழமை காலைகளில் பிரிண்டர் Offline என்று காட்டுகிறது. மின்வெட்டு வந்து போன பிறகும் அப்படித்தான். யாராவது ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிறது, சில சமயம் ஆவதில்லை. பிரிண்டரில் எந்தக் கோளாறும் இல்லை, அதன் பேனலில் Ready என்றுதான் இருக்கிறது.

காரணம் இதுதான். ரவுட்டர் தன்னிடம் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தருகிறது. ஞாயிறு முழுக்க பிரிண்டர் அணைந்து கிடந்தால் அந்தக் காலம் முடிந்துவிடும். அதன் முகவரி யாருடைய செல்போனுக்காவது போய்விடும். மறுநாள் பிரிண்டர் விழித்ததும் அதற்கு வேறு முகவரி கிடைக்கும். சனிக்கிழமை 192.168.1.23 என்று இருந்தது திங்கட்கிழமை 192.168.1.31 ஆகியிருக்கும். கணினிகளில் விண்டோஸ் வைத்திருக்கும் Standard TCP/IP Port மட்டும் பழைய 23-ஐயே தட்டிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் உடனே பழைய முகவரிக்கு பிங் அடித்துப் பார்ப்பார்கள். பல நேரம் பதில் வந்துவிடும். "பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கிறது, டிரைவர்தான் பிரச்சினை" என்று முடிவு கட்டி டிரைவரைக் கழற்றி மாட்டுவார்கள். பதில் சொன்னது பிரிண்டர் அல்ல, அந்த முகவரியை இப்போது வைத்திருக்கும் செல்போன். அதனால் பிங்கோடு நிறுத்தாமல் அடுத்த வரியையும் அடிக்க வேண்டும்.

```
ping 192.168.1.23
arp -a
```

இரண்டாவது கட்டளை அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் கருவியின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணைக் காட்டும். பிரிண்டரின் பேனலிலிருந்தே கன்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சடித்தால் அதன் உண்மையான மேக் முகவரியும் இன்றைய ஐபி முகவரியும் அதில் இருக்கும். இரண்டு மேக் முகவரிகளும் ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் கையில் சிக்கிவிட்டது.

இப்போது பதில் எழுத உட்காருகிறோம். எழுதுவதற்கு மூன்று விதமான படிகள் இருக்கின்றன. மூன்றில் எதைச் செய்தாலும் காகிதம் வெளியே வரும்.

முதல் வகை: பிரிண்டரின் Printer properties-க்குள் போய், Ports தாவலில் Configure Port அழுத்தி, பழைய முகவரியை அழித்துவிட்டு 192.168.1.31 என்று போடச் சொல்வது. நான்கு கணினியிலும் செய்ய வேண்டும், கால்மணி நேர வேலை. அடுத்த முறை முகவரி மாறும் வரை ஓடும். அது நாளையாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம்.

இரண்டாம் வகை: பிரிண்டரை யூஎஸ்பி கேபிள் போட்டு ஒரு கணினியில் நேராக இணைத்து, மற்ற மூன்றுக்கும் அதிலிருந்து ஷேர் செய்வது. இனி பிரிண்டரின் ஐபி முகவரி மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன. ஆனால் அந்தக் கணினி அணைந்திருந்தால் யாரும் அச்சடிக்க முடியாது. அந்த மேசைக்காரர் விடுப்பில் போனாலும் அவர் கணினியைப் போட்டுவிட வேண்டும். ஸ்கேனர் சேர்ந்த பிரிண்டராக இருந்தால் மற்ற மூன்று பேருக்கும் ஸ்கேன் கிடைக்காமல் போகலாம்.

மூன்றாம் வகை: ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒரு ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது. ஒரு ரவுட்டரில் Address Reservation என்று இருக்கும், இன்னொன்றில் DHCP Reservation அல்லது Static Lease என்று இருக்கும். ஒதுக்கிய பிறகு பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, நான்கு கணினியின் போர்ட்டிலும் அந்த முகவரியைக் கடைசியாக ஒருமுறை போட்டுவிட்டால் போதும். அதன் பிறகு பிரிண்டர் ஒரு வாரம் அணைந்து கிடந்தாலும் அதே முகவரிதான் வரும்.

மூன்றுக்கும் "தீர்வு" என்று தலைப்பு வைத்தால் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. முதல் வகையை நான் "தற்காலிக ஏற்பாடு" என்றுதான் எழுதுவேன். இந்தத் தொடர் பேருந்து நிலைய அறிவிப்பிலிருந்து பள்ளிக்கூட நோட்டீஸ் வரை எல்லா இடத்திலும் புழங்குகிறது. யாருக்கும் விளக்க வேண்டாம், இது நிலைக்காது என்று படித்ததும் புரிந்துவிடும். பேச்சில் "இப்போதைக்கு ஒப்பேத்திக்கலாம்" என்போம். அதே பொருள்தான், ஆனால் எழுத்தில் அது அலட்சியமாகத் தொனிக்கும். வாடிக்கையாளர் கோபத்தில் இருக்கும்போது அந்த வம்பு வேண்டாம்.

இரண்டாம் வகை "மாற்று வழி". இதுவும் காரணத்தைத் தொடவில்லை. ஆனால் முதல் வகை போலத் தானாகக் காலாவதியாவதும் இல்லை. வருடக்கணக்கில் ஓடும், அதற்கு விலையாக வாடிக்கையாளர் தினமும் ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஸ்டெப்னி மாட்டி ஓட்டுவது போல. வண்டி நிற்காது, பஞ்சரான டயர் மட்டும் டிக்கியில் கிடக்கும். ஐடி சேவைகளை நடத்துவதற்கான வழிகாட்டித் தொகுப்பான ஐடிஐஎல் வழக்கில் இந்த இரண்டு வகையையும் சேர்த்தே வொர்க்அரவுண்ட் என்கிறார்கள். முழுத் தீர்வு இன்னும் கைக்கு வராத நிலையில் பாதிப்பைக் குறைக்கிற அல்லது நீக்குகிற எதுவும் அதில் அடங்கும். உள்ளே டீமுக்குள் எழுதும் குறிப்புக்கு அது போதும். வாடிக்கையாளருக்குப் போகும் தமிழ்ப் பதிலில் இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் நல்லது. அவர் கேட்கப்போகும் கேள்வியே வேறு. தற்காலிக ஏற்பாடு என்றால் "எப்போது வரை?" என்பார். மாற்று வழி என்றால் "இதில் எனக்கு என்ன இடைஞ்சல்?" என்பார். பதிலில் அந்தக் கேள்விக்கு ஒரு வரி இருக்க வேண்டும்.

"மாற்று வழி"யில் ஒரு ஆபத்தும் உண்டு. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் பொருளைப் பற்றி "மாற்று ஏற்பாடு செய்கிறோம்" என்று எழுதிவிட்டால் வேறு பிரிண்டரே வரப்போகிறது என்று வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். "எப்ப மாத்தித் தருவீங்க?" என்று போன் வரும். பொருள் சம்பந்தப்பட்ட டிக்கெட் என்றால் "மாற்று" என்பதற்குப் பக்கத்தில் "வழி" கட்டாயம் இருக்கட்டும், "ஏற்பாடு" வேண்டாம். இன்னும் பாதுகாப்பாக எழுத நினைத்தால் "பிரிண்டர் அதேதான். அதை இணைக்கும் விதத்தை மட்டும் மாற்றுகிறோம்" என்று விரித்து எழுதிவிடலாம். "குறுக்கு வழி" என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது விதியை மீறுகிற வாசனை அடிக்கும் சொல். ஆடிட்டர் அலுவலகத்துக்கு எழுதும்போது இன்னும் மோசம்.

மூன்றாம் வகைக்குத்தான் "தீர்வு". அதுவும் ஒரு சோதனைக்குப் பிறகுதான். ரவுட்டரையும் பிரிண்டரையும் அணைத்துவிட்டு, முதலில் ரவுட்டர், பிறகு செல்போன்கள், கடைசியில் பிரிண்டர் என்று வேண்டுமென்றே ஏறுமாறாகப் போட்டு, முகவரி மாறாமல் வருகிறதா, காகிதம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோளாறு வரக்கூடிய சூழ்நிலையை நாமே உண்டாக்கியும் அது வரவில்லை என்றால் அப்புறம் அந்தச் சொல்லைத் தாராளமாக எழுதலாம்.

அப்போதும் ஒரு நிபந்தனை மிச்சம் இருக்கும். இணைய நிறுவனக்காரர் நாளைக்கு ரவுட்டரை மாற்றினால் நாம் செய்த ஒதுக்கீடு பழைய பெட்டியோடு போய்விடும். ரவுட்டரைத் தொடாமல் பிரிண்டரின் பேனலிலேயே நிலையான முகவரியைப் போடுவதாக இருந்தால் வேறு நிபந்தனை வரும். அந்த முகவரி ரவுட்டர் தானாக வழங்கும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ரவுட்டர் அதே முகவரியை இன்னொரு கருவிக்கும் தந்துவிடலாம், பழைய தொல்லை வேறு உருவத்தில் வரும். இதையும் சேர்த்து எழுதினால் பதில் இப்படி அமையும்:

"பிரிண்டரின் முகவரி அடிக்கடி மாறியதே காரணம். ரவுட்டரில் அதற்கு நிலையான முகவரியை ஒதுக்கி, இரண்டையும் அணைத்துப் போட்டுச் சோதித்துவிட்டோம். இனி இது மீண்டும் வராது. ரவுட்டரை மாற்றும் நாளில் மட்டும் இந்த ஒதுக்கீட்டைப் புதிய ரவுட்டரிலும் செய்ய வேண்டும். அப்போது இந்த டிக்கெட் எண்ணைச் சொன்னால் போதும்."

இதில் "தீர்வு" என்ற சொல்லே இல்லை, கவனித்திருப்பீர்கள். காரணம் இது, செய்தது இது, இனி வராது என்று மூன்றும் சொல்லிவிட்டால் அது தேவைப்படுவதில்லை. தலைப்பில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

"சரிசெய்துவிட்டோம்": எங்கே, யாருடைய கணினியில்?

ஃபிக்ஸ் என்பதற்குத் தமிழில் பெயர்ச்சொல் தேடுவது வீண் வேலை. "சரிசெய்தல்" என்று எழுதினால் பாடப்புத்தகத் தலைப்பு மாதிரி இருக்கிறது. வினையாக எழுதினால் இயல்பாக வந்துவிடுகிறது: சரிசெய்துவிட்டோம், சரிசெய்து தருகிறோம், சரியாகிவிட்டது. வினை வந்ததும் யார் செய்தார்கள் என்பதும் விகுதியிலேயே வந்துவிடும். எங்கே செய்தார்கள் என்பது வராது. அதைத் தனியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19-ஐவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு தரவுக் கோப்பை அனுப்பியது. அதில் இருந்த பிழையால் அதை வாங்கிய விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாகப் பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்தியாவிலேயே விமானப் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் காலை 10.57-க்கே கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது, அதாவது 78 நிமிடங்களில். அதன் தலைமை அதிகாரி, பிரச்சினை கண்டறியப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டது, ஃபிக்ஸ் அனுப்பப்பட்டுவிட்டது என்று அறிவித்தார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்தால் பிழையான கோப்பு போய்விட்டது, நல்ல கோப்பு வந்துவிட்டது. ஆனால் ஒரு விமான நிலையக் கவுண்டரில் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த வாக்கியத்தால் எந்தப் பயனும் இல்லை. அவருடைய கணினி துவங்கும்போதே விழுகிறது. நல்ல கோப்பை இறக்கிக்கொள்ள அது இணையத்தில் ஏறும் வரையாவது உயிரோடு இருக்க வேண்டுமே! சில கணினிகள் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டதில் எப்படியோ புதிய கோப்பைப் பிடித்துக்கொண்டு பிழைத்தன. மற்றவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் ஏற்றி, ஒரே ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

```
del C:\Windows\System32\drivers\CrowdStrike\C-00000291*.sys
```

வேலை இவ்வளவுதான். ஆனால் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்ட வேண்டும், ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு சாவி. அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்த சர்வரே நீலத் திரையில் நின்றால் அது தனிச் சோதனை.

சொல் தேர்வில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்த நிறுவனம் இந்தப் படிகளுக்கு வைத்த தலைப்பு. அதை வொர்க்அரவுண்ட் என்றுதான் எழுதியிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தக் கோப்பை அழித்த கணினி முழுசாகக் குணமாகிவிட்டது. மறுபடி எதுவும் செய்ய வேண்டாம், தினசரி இடைஞ்சலும் இல்லை. வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் தீர்வு. ஃபிக்ஸ் என்று அறிவித்தது அவருடைய கணினியைச் சரிசெய்யவில்லை. வொர்க்அரவுண்ட் என்று அறிவித்தது சரிசெய்தது. இரண்டு சொற்களும் கோளாறைத் தந்தவரின் இடத்திலிருந்து பார்த்துப் போட்ட பெயர்கள், அதனால் வந்த தலைகீழ் இது.

தமிழில் அதே செய்தியை எழுதச் சொன்னால் சொல்லைவிட இடத்தைத்தான் முதலில் பிரிப்பேன்:

"பிழையான கோப்பை எங்கள் பக்கம் நிறுத்திவிட்டோம். இனி புதிதாக எந்தக் கணினியும் பாதிக்கப்படாது. ஏற்கெனவே நீலத் திரையில் நிற்கும் கணினிகளில் பல தானாகச் சரியாகாது. அவை ஒவ்வொன்றிலும் கீழே உள்ளதைக் கையால் செய்ய வேண்டும். செய்த கணினி முழுமையாகச் சரியாகிவிடும்."

சின்ன டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். மொபைல் செயலியில் ஒரு பிழையை நிரலாளர் திருத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திருத்திய பதிப்பு ஸ்டோரில் ஏற இரண்டு நாள் ஆகும். இன்றைக்கே "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் போனால் வாடிக்கையாளர் உடனே செயலியைத் திறந்து பார்ப்பார், அதே பிழை நிற்கும். "திருத்திவிட்டோம். வியாழக்கிழமை வரும் புதிய பதிப்பில் உங்களுக்குக் கிடைக்கும். அதுவரை..." என்று எழுதினால் டிக்கெட் அமைதியாக இருக்கும். இந்த இடத்தில் "திருத்தம்" நல்ல சொல். நிரலில் நடந்த வேலையை அது குறிக்கும், வாடிக்கையாளரின் கையில் நடந்ததாகச் சொல்லாது.

பேட்ச்சை "ஒட்டு" என்று தமிழாக்கிப் பார்த்தவர்கள் உண்டு. வேட்டியில் போட்ட ஒட்டு ஞாபகம்தான் வருகிறது, நம்பிக்கை வருவதில்லை. பேட்ச் என்றே எழுதிவிடலாம். அதோடு பதிப்பு எண்ணையும் எழுதுங்கள், ஏனென்றால் பேட்ச் வந்துவிட்டது என்பதாலேயே விஷயம் முடிந்தது என்று ஆகாது. 2021 டிசம்பரில், பல ஜாவா மென்பொருட்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது முதலில் 2.15.0 பதிப்பைப் போடச் சொன்னார்கள். பதிப்பை மாற்ற முடியாதவர்களுக்கு `log4j2.formatMsgNoLookups` என்ற அமைப்பை `true` ஆக்கச் சொன்னார்கள். சில நாட்களிலேயே, சில அமைப்புகளில் இரண்டும் போதாது என்று தெரிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று வரிசையாக வந்தன. முதல் வாரத்தில் "ஓட்டைக்குத் தீர்வு செய்துவிட்டோம்" என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதியவர்களின் வாக்கியம் மறுவாரம் பொய்யானது. "2.15.0-க்கு மாற்றியுள்ளோம்" என்று எழுதியவர்களின் வாக்கியம் இன்றுவரை உண்மையாகவே இருக்கிறது. அந்த அமைப்பை மட்டும் மாற்றியவர்கள் எழுத வேண்டியது "ஆபத்தைக் குறைத்துள்ளோம்" என்பதைத்தான். பாதுகாப்பு விஷயத்தில் குறைத்தோம், நீக்கினோம் என்ற இரண்டு வினைகளைக் கலக்கவே கூடாது.

ரெமெடி: தமிழில் கோயிலுக்கும் வெள்ளத்துக்கும் போய்விடும்

ரெமெடி என்றதும் ஐடி நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது டிக்கெட் போடும் பிஎம்சி மென்பொருளாகத்தான் இருக்கும். "ரெமெடியில போட்டீங்களா?" என்பது ஒரு காலத்து அலுவலகத் தமிழ். அதை விடுங்கள். பதிலில் அந்தச் சொல்லை வைக்கலாமா?

அகராதி பார்த்து "பரிகாரம்" என்று எழுதினால் வாசகர் மனதில் ராகு, கேது, எள் தீபம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். தமிழில் அந்தச் சொல்லை ஜோசியம் மொத்தமாக எடுத்துக்கொண்டது, இனி சர்வர் கோளாறுக்குத் திரும்பக் கிடைக்காது. "நிவாரணம்" என்றால் புயலும் வெள்ளமும், வலி நிவாரணித் தைலமும். இழப்புக்கு ஈடாகக் கொடுப்பது என்ற பொருள் அதில் ஊறியிருக்கிறது. "உங்கள் கோரிக்கைக்கு உரிய நிவாரணம் வழங்கப்படும்" என்று சப்போர்ட் பதிலில் எழுதினால் பணம் வருமா என்றுதான் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

ஆங்கிலப் பதிலிலும் இந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளியே வைக்க வேண்டும். மென்பொருள் உரிம ஒப்பந்தங்களையும் உத்தரவாத அட்டைகளையும் புரட்டினால் ரெமெடி என்ற சொல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரும்: பொருள் சரியில்லை என்றால் வாங்கியவருக்கு என்ன உரிமை என்று சொல்லும் இடத்தில். பழுதுபார்த்துத் தருவது, மாற்றித் தருவது, பணத்தைத் திருப்பித் தருவது என்று அங்கே வரிசை இருக்கும். சாதாரணப் படிகளுக்கு அந்தச் சொல்லைப் போட்டால், பின்னாளில் வாடிக்கையாளர் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும்போது உங்கள் மின்னஞ்சலும் மனுவோடு போகலாம். உண்மையிலேயே பணம் திருப்பித் தருவதாகவோ சந்தா நாட்களைக் கூட்டித் தருவதாகவோ இருந்தால் அதை நேராகவே எழுதுங்கள்: "தடைபட்ட ஆறு நாட்களை உங்கள் சந்தாவில் சேர்த்துவிட்டோம்."

காரணம் தெரியாமல் சரியானால்

இதற்குத்தான் பொருத்தமான சொல் கிடைப்பது கஷ்டம். வாடிக்கையாளர் சொன்ன கோளாறு நம் பக்கம் வரவே இல்லை. அல்லது இரண்டு மூன்று விஷயங்களை ஒன்றாக மாற்றிப் பார்த்ததில் போய்விட்டது, எது போக்கியது என்று தெரியவில்லை. பிழைகளைப் பதிவு செய்யும் பக்ஸில்லா மென்பொருளில் டிக்கெட்டை மூடும்போது தேர்ந்தெடுக்க `FIXED` இருப்பது போலவே `WORKSFORME` என்றும் ஒன்று இருக்கிறது, என்னிடம் வேலை செய்கிறது என்ற பொருளில். நிரலாளர்களுக்கு இடையே அது செல்லும். வாடிக்கையாளரிடம் அதையே சொன்னால் "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று ஆகிவிடும்.

இந்த நிலையில் தீர்வு, சரிசெய்தோம், மாற்று வழி மூன்றும் தப்பு. நாம் எதையும் தீர்க்கவில்லை, செய்தது எது என்றும் தெரியாது, சுற்றிப் போகவும் இல்லை. மேலாளர்கள் அறிக்கையில் `Resolved` எண்ணிக்கை கூட வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் டிக் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சொல்லை மொழிபெயர்த்துப் பதிலில் வைக்காதீர்கள். "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று தானாகப் போகும் மின்னஞ்சலை நிறுத்த முடிந்தால் இந்த வகை டிக்கெட்டுக்கு நிறுத்திவிடுவது உத்தமம்.

நான் எழுதுவது "இப்போது வேலை செய்கிறது" என்பதை மட்டும்தான். அதற்குக் கீழே, மறுபடி வந்தால் அவர் எதையும் அணைப்பதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவற்றை எழுதுவேன். எத்தனை மணிக்கு வந்தது, திரையில் வந்த பிழைச் செய்தியின் படம், அந்த நேரத்தில் மற்ற கணினிகளில் வேலை செய்ததா. நெட்வொர்க் பிரிண்டர் என்றால் கன்ஃபிகரேஷன் பக்கம் ஒன்றையும் அச்சடித்து வைக்கச் சொல்லலாம், மீண்டும் துவக்குவதற்கு முன்பே. துவக்கிய பிறகு அச்சடித்தால் புதிய முகவரிதான் அதில் இருக்கும், நமக்கு வேண்டியது பழையது. டிக்கெட்டையும் ஒரு வாரமாவது மூடாமல் "காத்திருப்பில்" வைத்துக்கொள்ளலாம். அந்த வாரத்துக்குள் வந்துவிட்டால் அவர் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை, அதே டிக்கெட்டில் படத்தைப் போட்டால் போதும்.